'மற்றவை' என்கிற மூட்டை

நான் வங்கியில் எழுத்தர். கவிதையும் எழுதுகிறவன். இந்த இரண்டில் எதைப் பார்த்து என்னிடம் அந்தச் சாக்குப்பையைக் கொடுத்தார்கள் என்று இன்னும் தெரியவில்லை. உள்ளே 186 சீட்டுகள். போடி அடிவாரத்தில் ஒரு மருத்துவமனை. பெயர் சொல்லப்போவதில்லை, அரசுடையதா அறக்கட்டளையுடையதா என்றுகூடச் சொல்லப்போவதில்லை. 'உங்கள் கருத்துகளை எழுதுங்கள்' என்று அங்கே ஒரு தகரப்பெட்டி வைத்திருந்தார்கள். சித்திரை, வைகாசி இரண்டு மாதத்தில் விழுந்த சீட்டுகள் இவை. சேவையை மேம்படுத்த மேலிடத்துக்கு ஓர் அறிக்கை போகவேண்டும். அலுவலகத்துத் தம்பி ஒருவர் ஏற்கெனவே வரைவு தயாரித்துவிட்டார். "கொஞ்சம் தமிழ் பாத்துக் குடுங்க சார்" என்றார்கள். தமிழ் பார்க்கத்தான் போனேன்.

வரைவில் வட்டப்படம் ஒன்று இருந்தது, கேக் வெட்டின மாதிரி. காத்திருப்பு 52, பணியாளர் நடத்தை 43, சுத்தம் 29, மருந்து 24, மற்றவை 38. கூட்டிப் பார்த்தேன், 186 சரியாக வந்தது. கூட்டல் சரியாக வந்தால் கணக்கு சரி என்று நினைக்கிற ஆள் வங்கியில் ஒரு வாரம் தாங்கமாட்டான். எந்த வவுச்சரை எந்தத் தலைப்பில் பதிந்தான் என்பதுதான் கணக்கு. தலைப்பு மாறினாலும் கூட்டல் மாறாது. திருட்டெல்லாம் அங்கேதான் நடக்கும்.

'மற்றவை 38' என் கண்ணை உறுத்தியது. எங்கள் தொழிலில் இதற்குச் சஸ்பென்ஸ் கணக்கு என்று பெயர். எங்கே வைப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அங்கே போட்டு வைப்போம். அது ஊதினால் மேலாளர் நாற்காலியில் உட்காரமாட்டார். ஐந்தில் ஒரு பங்கு 'மற்றவை' என்றால் அந்தத் தலைப்புகளே அந்தச் சீட்டுகளுக்கு உரியவை அல்ல என்று பொருள். சீட்டைப் படித்துத் தலைப்பு வைக்கவில்லை. தலைப்பை வைத்துக்கொண்டு சீட்டைப் படித்திருக்கிறார்கள்.

தம்பியைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த படிவம் அப்படி. மத்திய அரசு 2016-ல் 'மேரா அஸ்பதால்' என்று நோயாளியின் கருத்துக் கேட்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோதும் திருப்தியில்லை என்று சொன்னவருக்கு நடத்தை, சுத்தம், செலவு, சிகிச்சைத் தரம் என்று காரணங்களை முன்கூட்டியே எழுதிவைத்துத்தான் கேட்டார்கள். டிக் அடிக்கிற கருத்துக்கு அது போதும். வெற்றுத் தாளில் ஒருத்தி தன் கையெழுத்தில் எழுதிப் போட்டதை அந்தப் பெட்டிக்குள் திணிக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவில் இருக்கிற ஓய்வுபெற்ற நர்சம்மாவிடம் போனேன். மலையில் தோட்டம் தோட்டமாக ஊசி போட்டு அலைந்தவர். எங்கள் கிளைக்குப் பென்ஷன் வாங்க வருவார். சீட்டுகளைத் திண்ணையில் கொட்டியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "பேனாவக் கீழ வையி தம்பி. மொதல்ல எல்லாத்தையும் படி. ரெண்டு தரம் படி." இரண்டு ராத்திரி படித்தோம். எதையும் பிரிக்கவில்லை, கோடு போடவில்லை. இந்த வேலையைச் செய்கிற யாரும் தவிர்க்கிற படி இதுதான். தவிர்த்தால் முதல் இருபது சீட்டில் கண்ட தலைப்புகளையே மிச்சம் 166-க்கும் மாட்டிவிடுவோம்.

இரண்டாவது வாசிப்பில்தான் மருந்து அவிழ்ந்தது. தம்பி கணினியில் 'மருந்து' என்ற சொல்லைத் தேடி வந்ததையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டியிருந்தார். அதில் ஒரு சீட்டு: 'மருந்து வாசம் மூணு நாளா போகல. தலை சுத்துது. இங்கே சொன்னா சாப்பிட்டியா தூங்குனியானு தான் கேக்குறாங்க.' வரைவில் இதற்கு எதிரே 'மாத்திரைகளின் நெடி குறித்த புகார்' என்று எழுதியிருந்தது. நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஏலத்தோட்டத்தில் மருந்து என்றால் மாத்திரை அல்ல. மருந்தடிக்கிற மருந்து, பூச்சிமருந்து. தோளில் டாங்கியைக் கட்டி ஏலச்செடி தூரில் அடிக்கிறார்களே, அது. மருந்தடித்த ஈரம் காயுமுன் களையெடுக்க இறக்கிவிடப்பட்ட ஒருத்தி எழுதியிருக்கிறாள். 24 'மருந்து'ச் சீட்டில் ஏழு இந்த வகை. ஏழு பேரும் கேட்பது ஒன்றே: நான் என்ன வேலை செய்கிறேன், எந்த மருந்துக்குப் பக்கத்தில் நின்றேன் என்று சீட்டு எழுதுகிற இடத்திலாவது, டாக்டரம்மாவாவது கேட்கவேண்டாமா? இது மருந்துக் கையிருப்புப் பிரச்சினையே அல்ல. நோய் விசாரிக்கிற முறையில் உள்ள ஓட்டை. சரிசெய்ய வேண்டிய ஆள் வேறு, அறை வேறு.

இன்னொன்று சிரிப்பு. 'மற்றவை'யில் ஆறு சீட்டில் 'விலக்கு' என்று வந்தது. 'விலக்குக்கு அனுப்பிட்டாங்க', 'எதுக்கெடுத்தாலும் விலக்கு தான்'. தம்பி வேறு மாவட்டத்துக்காரர். வீட்டு விலக்கு, பெண்கள் சமாச்சாரம் என்று நினைத்துக் கூச்சப்பட்டு 'மற்றவை'யில் ஒதுக்கியிருக்கிறார். நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், விலக்கு என்றால் க.விலக்கு, தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே அனுப்புவது தவறில்லை, பெரிய வைத்தியம் அங்கேதான் இருக்கிறது. ஆறு பேரின் குறை, ஏன் அனுப்புகிறார்கள், அங்கே எந்த வாசலில் போய் யாரைப் பார்க்கவேண்டும் என்று ஒரு வார்த்தை எழுதித் தராமல் அனுப்புகிறார்கள் என்பது. ஆக, சொல்லை வைத்துச் சீட்டைப் பிரிக்கமுடியாது. சொன்ன ஆள் நிற்கிற இடத்தை வைத்துத்தான் பிரிக்கமுடியும்.

அடுத்து, கத்தரிக்கோல். ஒரு சீட்டை அப்படியே எழுதுகிறேன், எழுத்துப்பிழையோடு:

'நல்லா பாத்தாக. டாக்டரு தங்கமான மனுசன். காலைல 6 மணிக்கு வந்து 11க்கு தான் சீட்டு கெடச்சது. ஜீப்பு போயிருச்சு. மாத்திரைய சன்னல்ல வச்சுட்டு எடுத்துக்கனு சொன்னாக.'

வரைவில் இது 'காத்திருப்பு'. ஒரு சீட்டுக்கு ஒரு தலைப்பு என்ற விதியில் வேறு வழியில்லை. ஆனால் இதில் நாலு சமாச்சாரம் இருக்கிறது. டாக்டரைப் பாராட்டியது, ஓ.பி. சீட்டுக்கு ஐந்து மணி நேரம் நின்றது, ஜீப் போய் அன்றைய கூலி போனது, மாத்திரையைக் கையில் தராமல் சன்னலில் வைத்தது. எல்லாச் சீட்டுக்கும் எண் போட்டு, நகலெடுத்து, நகலை வெட்டினோம். ஒவ்வொரு துண்டிலும் தாய்ச்சீட்டின் எண் இருக்கவேண்டும். இல்லையென்றால் துண்டு அநாதையாகிவிடும், யார் எந்தச் சூழலில் சொன்னது என்று திரும்பிப் பார்க்கமுடியாது. 186 சீட்டு 251 துண்டானது. எண்ணும்போது சீட்டைத்தான் எண்ணவேண்டும், துண்டை அல்ல. ஒரே ஆள் ஒரே குறையை மூன்று வரியில் எழுதியிருந்தாலும் அது ஒன்றுதான். ஒரு சீட்டு நாலு கட்டில் எண்ணப்படலாம் என்பதால் எல்லாக் கட்டையும் கூட்டினால் 186-ஐத் தாண்டும். அன்றோடு வட்டப்படம் செத்தது. பங்குபோட்ட கேக்கில் ஒருவர் ஒரு துண்டுதான் எடுக்கமுடியும். வாழ்க்கை அப்படி இல்லை.

துண்டுகளுக்கு முதலில் எழுதினவர் வார்த்தையிலேயே பெயர் வைத்தோம். 'ஜீப்பு போச்சு', 'சன்னல்ல வச்சாக', 'மருந்து வாசம்', 'கக்கூஸ் தண்ணியில்ல', 'விலக்கு'. இப்படி 41 பெயர். பிறகு திண்ணையில் பரப்பி, எது எதோடு சேரும் என்று பார்த்துச் சேர்த்துச் சேர்த்து ஆறாக்கினோம். பாதிப் பேருக்கு இது வேண்டாத வேலையாகத் தெரியும். 2014-ல் இங்கிலாந்தில் டாம் ரீடரும் கூட்டாளிகளும் நோயாளிகளின் புகார்களை ஆராய்ந்த 59 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மொத்தம் 88,069 புகார்கள். அவற்றை வகைப்படுத்த அந்த ஆய்வாளர்கள் ஆளுக்கொன்றாக வைத்திருந்த பெயர்கள் 205. அதை 29 ஆக்கி, பிறகு ஏழு ஆக்கினார்கள். படித்தவர்களுக்கே 205 என்றால் திண்ணையில் 41 அதிகமில்லை.

ஆறு கட்டும் சரியா என்று எப்படித் தெரியும்? நர்சம்மாவும் நானும் ஒரே நாற்பது சீட்டைத் தனித்தனியே, ஒருவர் காகிதத்தை ஒருவர் பார்க்காமல் பிரித்தோம். 27-ல் ஒத்துப்போனோம், 13-ல் முட்டிக்கொண்டோம். ஒத்துப்போன 27-ம் அறிவு என்று சொல்லமுடியாது, சில தற்செயலாகவும் ஒத்திருக்கும். அந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்க ஜேக்கப் கோகன் 1960-லேயே ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அதைவிட அந்த 13 முக்கியம். ஒரு சீட்டில் 'புள்ளய ஏன் இப்பிடி வச்சிருக்கனு சிஸ்டர் அதட்டுச்சு' என்றிருந்தது. நான் அதைத் திட்டு வாங்கிய கட்டில் போட்டேன். நர்சம்மா ஏற்கவில்லை.

"அது அதட்டல் இல்ல தம்பி, அக்கறை. நாங்கூட அப்பிடித்தான் அதட்டிருக்கேன்."

"நீங்க அக்கறையில அதட்டிருக்கலாம்மா. எழுதின ஆளு அதைக் கொறையாத்தான எழுதிருக்கு? பெட்டியில போட்டுருக்கே!"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விதியாக எழுதிக்கொண்டோம்: எழுதியவர் குறையாகச் சொன்னால் குறை. நியாயமா என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை அல்ல. இப்படி ஒவ்வொரு கட்டுக்கும் எது உள்ளே, எது வெளியே என்று இரண்டு வரி எழுதிவைத்து, 186-ஐயும் மறுபடி முதலிலிருந்து பிரித்தோம். சலிப்பான வேலை. வங்கியில் எனக்குப் பழகியதுதான்.

இனிதான் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த காரணம்.

'பணியாளர் நடத்தை 43' என்ற கட்டை அவிழ்த்தோம். 32 சீட்டு திட்டு, சிடுசிடுப்பு, 'கேட்டா எரிஞ்சு விழுறாக' வகை. எல்லாத் தெருக்காரர்களும் எழுதியிருந்தார்கள். ஏழைக்குப் பொதுவாகக் கிடைக்கிற மரியாதை அது. மீதி 11 வேறு. அவற்றில் திட்டே இல்லை. 'மாத்திரைய கையில குடுக்கல', 'சன்னல்ல போட்டாக', 'சீட்ட கீழ வைனு சொல்லி எடுத்துக்கிட்டாக', 'நாடி பாக்கல, தள்ளி நின்னு கேட்டாக'. குரலை உயர்த்தியதாக ஒருவரும் எழுதவில்லை. மரியாதையான சொல்லில்கூட அதைச் செய்யமுடியும். முகவரி எழுதுவது கட்டாயமில்லை, ஆனாலும் அந்தப் பதினொன்றில் எட்டில் தெருப்பெயர் இருந்தது. எட்டும் மூன்றே தெரு. அந்த மூன்று தெருவும் எவை என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இங்கே உணர்ச்சிவசப்பட்டு ஓடக்கூடாது. எதிர்ப்பக்கத்தையும் பார்த்தோம். அதே மருந்துச் சன்னலைப் பற்றி வேறு தெருக்காரர்கள் எழுதியது 14 சீட்டு. வரிசை நீளம், மாத்திரை தீர்ந்துபோச்சு, எப்போது சாப்பிடுவதென்று சொல்லவில்லை. சன்னலில் வைத்ததாக அவர்களில் ஒருவரும் எழுதவில்லை. இதை வைத்து 'இத்தனை சதவீதம் தலித்துகள் தீண்டப்படவில்லை' என்று எழுதலாமா? கூடாது. தகரப்பெட்டி கணக்கெடுப்பு அல்ல, எழுத மனம் வந்தவர்கள்தான் எழுதுகிறார்கள். பதினொன்று என்பது பதினொரு பேர் எழுதினார்கள் என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு நடக்கிறது என்று சொல்லாது, நடக்கிறது என்று சொல்லும், எந்தச் சன்னலில் என்றும் சொல்லும். அதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைத்தால் அந்த ஒரு அடியைப் பிடித்துக்கொண்டு மொத்த அறிக்கையையும் குப்பையில் போடுவார்கள்.

குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்கு மருத்துவம் எப்படிக் கிடைக்கிறது என்று சங்கமித்ரா ஆச்சார்யா 2010-ல் ஆராய்ந்தபோது 'உங்களை மோசமாக நடத்துகிறார்களா' என்று மொத்தமாகக் கேட்டு நிறுத்தவில்லை. மருந்து கொடுக்கும்போதா, நோய் பார்க்கும்போதா, யார், தொட்டார்களா, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று இடத்தையும் ஆளையும் செயலையும் தனித்தனியே பிரித்துக் கேட்டார். அப்படிப் பிரித்தால்தான் தீண்டாமை கண்ணுக்குத் தெரியும். மொத்தமாக 'நடத்தை' என்று கட்டினால் அது சிடுசிடுப்பில் கரைந்துவிடும். வெள்ளைக்கார நாட்டு வகைப்பாடுகளிலும் 'மரியாதை, உரிமை' என்று ஒரு கட்டு உண்டு. நல்ல கட்டுதான். ஆனால் கைக்கும் கைக்கும் நடுவே ஒரு சன்னல்பலகை வருவது அதைச் செய்தவர்களின் அனுபவத்தில் இல்லை. நம் அனுபவத்தில் இருக்கிறது.

கட்டைப் பிரிப்பதால் என்ன லாபம் என்று கேட்கலாம். 43-க்கும் சேர்த்து வரைவு சொன்ன தீர்வு 'பணியாளர்களுக்கு ஒருநாள் பண்புப் பயிற்சி'. டீ, வடை, சான்றிதழ். 32-க்கு வேண்டுமானால் அது கொஞ்சம் பயன்படும். 11-க்குப் பயன்படாது. அதற்கு வேண்டியது ஒரு கட்டளை: மருந்தைக் கையில் கொடு, சீட்டைக் கையில் வாங்கு, வேளையைச் சொல்லு. அதைப் பார்க்க ஒரு ஆள். அதனால்தான் நாங்கள் கட்டுகளுக்கு ஒற்றைச் சொல் தலைப்பை எடுத்துவிட்டு முழு வாக்கியமாக எழுதினோம். 'நடத்தை' அல்ல, 'மருந்துச் சன்னலில் சிலருக்கு மட்டும் கையில் கொடுப்பதில்லை'. 'காத்திருப்பு' அல்ல, 'மலைக்கு ஜீப் புறப்பட்ட பிறகுதான் சீட்டு கொடுக்கிறார்கள், அதனால் நோயைக் காட்ட ஒரு நாள் கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது'. இந்த வாக்கியம் 34 சீட்டிலிருந்து வந்தது. அதில் ஒன்பது 'மற்றவை'யில் கிடந்தன, 'ஜீப்' மருத்துவச் சேவை அல்லவாம். காத்திருப்புக்கு வரைவு கேட்டிருந்தது இருபது நாற்காலி, ஒரு டி.வி. போடிமெட்டுக்கு மேலே பூப்பாறை, ராஜகுமாரி பக்கம் காய் எடுக்கப் போகிறவள் இருட்டோடு ஜீப் ஏறுகிறாள், இருட்டோடு இறங்குகிறாள். அவளுக்கு நாற்காலியை வைத்து என்ன செய்ய? வாரத்தில் இரண்டு நாள் சாயங்கால ஓ.பி. என்று எழுதினோம்.

எடுத்துக்காட்டுச் சீட்டு பொறுக்கும்போது நான் தோற்றேன், அதையும் சொல்லிவிடவேண்டும். காத்திருப்புக்கு ஒரு சீட்டை எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒருவர், வரிசையில் நின்று நின்று தன் நிழல்கூடத் தன்னைவிட்டு முன்னே போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டது என்கிற பொருளில் எழுதியிருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. நர்சம்மா வாங்கிப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. எத்தன பேரு இப்பிடி எழுதிருக்காக?"

"ஒருத்தர்தான்மா."

"ஜீப்பு போச்சுன்னு எத்தன பேரு?"

"முப்பத்தி நாலு."

"அப்ப இத உம் பத்திரிகையில போட்டுக்க. அறிக்கையில ஜீப்பு போச்சுன்னு எழுதுனவகளப் போடு."

பிரதிநிதித்துவம் என்ற சொல்லைக் கேட்டதும் 1932 பூனா ஒப்பந்தத்தில் போய் நிற்கிற புத்தி நம்முடையது. நமக்குப் பிரதிநிதியை நாம் தேர்வதா, எல்லாரும் சேர்ந்து தேர்வதா என்பதுதான் அன்றைய சண்டை. எடுத்துக்காட்டுச் சீட்டிலும் அதே கேள்விதான். யார் கண்ணுக்கு அழகாகப் படுகிறதோ அது பிரதிநிதி அல்ல. கட்டில் உள்ளவர்கள் பெரும்பாலும் எதைச் சொன்னார்களோ அதைச் சொல்கிற ஒன்று. அதே குறை மிகக் கடுமையாக விழுந்த இடத்தைக் காட்டுகிற ஒன்று. கட்டுக்கு எதிராகப் பேசுகிற ஒன்று. கட்டுக்கு இந்த மூன்று என்று வைத்தோம். எதிராகப் பேசுவதை மறைத்தால் அறிக்கை துண்டறிக்கையாகிவிடும். சன்னல் கட்டிலேயே எங்கள் தெருப் பெரியவர் ஒருவரின் சீட்டைச் சேர்த்தோம்: 'ராத்திரி டூட்டில இருக்கிற பையன் கையப் பிடிச்சு மாத்திரையக் குடுத்து வேளையும் சொன்னான்'. அது எங்கள் வாதத்தைப் பலவீனமாக்கவில்லை. ஆளைப் பொறுத்தும் வேளையைப் பொறுத்தும் நடக்கிறது என்று காட்டியது.

எழுத்தைத் திருத்தவில்லை. 'பாத்தாக' என்பதைப் 'பார்த்தார்கள்' என்று மாற்றினால் படிக்கிற அதிகாரிக்கு எழுதினவள் அவர் வீட்டுப் பக்கத்து ஆளாகிவிடுவாள். ஆனால் ஒன்றை நீக்கினோம், அடையாளத்தை. மருந்து வாசச் சீட்டு ஒன்றில் எந்தத் தோட்டம், எத்தனை பொம்பளைகள் இறங்கினார்கள், அதில் ஒருத்தி மாசமாக இருந்தாள், கங்காணி யார் என்பதெல்லாம் இருந்தன. பெயர் இல்லை. பெயரே தேவையில்லை, மலையில் அந்த நாலு விவரம் போதும், மறுநாள் ஜீப்பில் ஏற்றமாட்டார்கள். 'மருந்தடித்த தோட்டத்தில் அதே நாளில் வேலை செய்த பெண்' என்று மட்டும் எழுதினோம். அந்தப் பெண்ணின் கோபத்தில் பாதி அதோடு போனது. வேறு வழியில்லை.

'குறை ஒண்ணும் இல்லை' என்று எழுதிய பன்னிரண்டு சீட்டும் 'மற்றவை'யில்தான் இருந்தன. நல்ல செய்திதானே, இருக்கட்டும் என்று நர்சம்மா சொல்லும்போது எனக்குக் கண் வேறிடத்தில் இருந்தது. கையெழுத்துச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். எட்டுச் சீட்டு ஒரே கை. அந்த 'றை'யின் சுழி எட்டிலும் ஒன்று. வார்டில் யாரோ படுக்கை படுக்கையாகக் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன், எழுதத் தெரியாதவர்களுக்கு உதவியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஊசி போடுகிற ஆளே வந்து 'ஏதாச்சும் குறையா' என்று கேட்டால் யார் என்ன சொல்வார்கள்? அந்த எட்டைக் கிழிக்கவில்லை. 'ஒரே கையெழுத்தில் உள்ளவை' என்று தனியாகக் குறித்துக் கூட்டலுக்கு வெளியே வைத்தோம். கடைசியில் 'மற்றவை'யில் மிஞ்சியது 11. அது நியாயமான 'மற்றவை'. அதில் ஒருவர் மருத்துவமனை வாசலில் வடை விலை கூடுதல் என்று எழுதியிருந்தார்.

அறிக்கை போனது. கூட்டத்தில் என்னை உட்காரவைத்து நல்ல காப்பி கொடுத்தார்கள். பூச்சிமருந்து விஷயத்தை உடனே ஏற்றார்கள். ஓ.பி. சீட்டில் 'தொழில்' என்று ஒரு வரியும் 'கடைசியாக மருந்தடித்த நாள்' என்று ஒரு வரியும் சேர்ப்பதாகச் சொன்னார்கள். க.விலக்குக்கு அனுப்பும்போது வாசல் எண்ணோடு துண்டுச்சீட்டு, அதுவும் சரி. சாயங்கால ஓ.பி.க்கு ஆள் பற்றாக்குறை, எழுதிக் கேட்போம் என்றார்கள். சன்னல் வாக்கியத்துக்கு வந்ததும் அமைதி. "இதக் கொஞ்சம் மென்மையா... 'மருந்து வழங்கும் முறையில் மேம்பாடு தேவை'ன்னு போட்டுக்கலாமே சார். விஷயம் அதேதானே."

விஷயம் அதே அல்ல என்று இங்கிலாந்துக் கதையைத்தான் சொன்னேன். ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் அழுக்கிலும் தாகத்திலும் கிடந்தார்கள். உறவினர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். மேலே நிர்வாகக் குழுவுக்குப் போனது புகார்களின் எண்ணிக்கையும் வகையும்தான், உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது போகவில்லை. 2013 பிப்ரவரியில் ராபர்ட் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை வந்தபோது அங்கே எல்லாருக்கும் அதிர்ச்சி. எழுதினவர்களுக்கு மட்டும் அதிர்ச்சி இல்லை. கதையைக் கேட்டுத் தலையாட்டினார்கள். பிறகு வாக்கியத்தை மாற்றச் சொன்னார்கள். நான் ஒரு பேரம் பேசினேன். வாக்கியத்தின் மேலே அவர்கள் சொன்ன தலைப்பைப் போட்டுக்கொள்ளட்டும், கீழே வாக்கியமும் மூன்று சீட்டும் அப்படியே இருக்கட்டும். ஒப்புக்கொண்டார்கள். நர்சம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை. "தலைப்ப விட்டுக்குடுத்துட்டியே, அவுக தலைப்ப மட்டுந்தான் படிப்பாக" என்றார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம்.

போன வாரம் சன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். பலகையில் 'மருந்துகளைக் கையில் பெற்றுக்கொள்ளவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கொடுக்கிறவருக்குச் சொல்லவேண்டியதை வாங்குகிறவருக்கு எழுதியிருக்கிறார்கள். என் முறை வந்தது. கையில்தான் கொடுத்தார், என் கழுத்தில் வங்கி அடையாள அட்டை தொங்கியது. அட்டையில்லாமல் இன்னொரு நாள் போகவேண்டும்.

ஒரு குறை எங்கள் வேலையிலும் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் எடுத்த சீட்டு இது. காய் எடுப்பு இல்லாத காலம். மலையில் பாதிப் பேர்கூட வேலைக்குப் போவதில்லை. பெட்டி மேலதிகாரி அறைக்கு வெளியே இருந்தது, பேனா சணலில் கட்டியிருந்தது, எழுதத் தெரிந்தவர்தான் எழுதமுடியும். ஆவணியில் காய் எடுப்பு சூடுபிடிக்கும்போது மறுபடி செய்கிறோம். சாயங்காலம் ஜீப் இறங்குகிற இடத்தில் நர்சம்மா ஸ்டூல் போட்டு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். வாயால் சொன்னதை அவர் எழுதுவார், நீல மையில். பெட்டியில் விழுந்தது கறுப்பு மையில் இருக்கும். இரண்டையும் ஒரே கட்டில் கலக்கமாட்டோம். அவரிடம் சொல்வது வேறு, பெட்டியில் போடுவது வேறு. எழுத்துக்கூட்டிப் படிக்கிற நாலு பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்ணைக்கு வரலாம். கத்தரிக்கோல் என்னிடம் இருக்கிறது.